லிஃப்ட் நின்ற 270 மணி நேரம்

"ஐயா, எத்தனை தடவை சொல்வது? உங்களுக்கு மனசாட்சியே கிடையாதா? லிஃப்ட் எப்போது பார்த்தாலும் ரிப்பேர். வயசானவர்கள் படியேறிச் செத்துப் பிழைக்கிறார்கள். மெயின்டனன்ஸ் பணத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறீர்கள். டூப்ளிகேட் பார்ட் போட்டு ஏமாற்றுகிறீர்கள். ஒருநாள் கயிறு அறுந்து லிஃப்ட் கீழே விழுந்து யாராவது செத்தால்தான் உங்களுக்குப் புத்தி வரும். இந்த வாரத்துக்குள் சரிசெய்யாவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து ஒருத்தரும் வாடகை தர மாட்டோம்."

வாடகைக் குடியிருப்புகளில் இருப்பவர்களுக்கு இந்தக் கடிதம் புதிதல்ல. சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அடுத்த நிமிடமே கைதட்டல் படங்கள் வரிசையாக வந்து விழும். எழுதியவரின் கோபத்தில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இதைப் படிக்கும் ஹவுஸ் ஓனர் இரண்டே வரியில் பதில் எழுதிவிடலாம்: "நீங்கள் சொன்ன ஒவ்வொரு முறையும் மெக்கானிக்கை அனுப்பியிருக்கிறேன். பணத்தைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதை என் வக்கீலிடம் காட்டுகிறேன்." குடியிருப்பவர்கள் கேள்வி கேட்க ஆரம்பித்து, கடைசியில் தாங்களே பதில் சொல்லவேண்டிய இடத்தில் வந்து நிற்பார்கள்.

இதே கடிதத்தை உறுதியாகவும் ஆதாரத்தோடும் திருப்பி எழுதினால் எப்படி இருக்கும்? அதற்காக ஒரு கட்டடத்தைக் கற்பனை செய்துகொள்வோம். சென்னையில் இருக்கிறது. கீழே கார் நிறுத்துமிடம், மேலே ஐந்து மாடி, மாடிக்கு நான்கு வீடு. இருபது வீடும் ஒரே உரிமையாளருடையவை. அவர் இருப்பது கோயம்புத்தூரில். வாடகை வாங்குவதும் பிளம்பரைக் கூப்பிடுவதும் மேனேஜர். லிஃப்ட் ஒன்றே ஒன்று. சங்கத் தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. கட்டடம் முழுக்க அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறது. மேலே உள்ள கடிதம் அவர் ஒரு ராத்திரியில் எழுதியது. செயலாளர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் பையன். வாங்கிப் படித்துவிட்டு, "எல்லாம் சரி டீச்சர், இதுல ஒரு தேதிகூட இல்லையே" என்கிறான்.

தேதி எங்கிருந்து வரும்?

பெரும்பாலான கட்டடங்களில் லிஃப்ட் நின்ற நாட்களை யாரும் எழுதி வைப்பதில்லை. ஆனால் அந்த விவரம் மூன்று இடங்களில் தானாகவே பதிவாகிக் கிடக்கிறது. முதலாவது வாட்ஸ்அப் குழு. "திரும்பவும் லிஃப்ட் நின்னுடுச்சு" என்று யாரோ அலுத்துக்கொண்ட ஒவ்வொரு செய்தியின் கீழும் தேதியும் நேரமும் இருக்கும். இரண்டாவது வாட்ச்மேனின் போன். மேனேஜரையும் லிஃப்ட் கம்பெனியையும் அவர் கூப்பிட்ட நேரங்கள் அதில் இருக்கும், பழையவை அழிவதற்குள் படம் பிடித்துக்கொள்ள வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம்: மெக்கானிக் வந்து போகும்போது எழுதிக் கையெழுத்து வாங்கும் சர்வீஸ் ரிப்போர்ட். அதில் ஒரு பிரதியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். அவர் அதை மீட்டர் பெட்டிக்குள் செருகி வைத்திருப்பார்.

டீச்சரும் செயலாளரும் இந்த மூன்றையும் ஒரே மேசையில் போட்டு ஒப்பிடுகிறார்கள். 2025 ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை, 92 நாட்கள். இரண்டு இடங்களிலாவது ஒத்துப்போகும் சம்பவத்தை மட்டும் எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்கிறார்கள். ஒரே ஒருவர் ஞாபகத்தில் மட்டும் இருப்பதை விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டதில் எண்ணிக்கை குறைந்துபோகிறது, டீச்சருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் மிஞ்சிய ஒன்பதையும் யாராலும் மறுக்க முடியாது. எதிர்த்தரப்பு ஒரு தேதியைத் தப்பு என்று நிரூபித்துவிட்டால் மற்ற எட்டும் சேர்ந்து சாயும்.

ஒவ்வொரு சம்பவத்துக்கும் அவர்கள் எழுதியவை இவை: எப்போது நின்றது, எந்த மாடியில், உள்ளே ஆள் இருந்தாரா, அப்போது கரன்ட் இருந்ததா, யாரிடம் எப்போது சொன்னோம், மெக்கானிக் எப்போது வந்தார், என்ன எழுதினார், எப்போது திரும்ப ஓடியது. எந்த மாடி, கரன்ட் இருந்ததா என்ற இரண்டையும் சாதாரணமாக யாரும் கவனிப்பதில்லை. உண்மையில் பழுது எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுப்பவை அந்த இரண்டுதான்.

ஒன்பதில் ஏழு, மூன்றாம் மாடி

லிஃப்ட் கோளாறு என்றதும் மோட்டார், கயிறு என்றுதான் நினைப்போம். தொழிலில் இருப்பவர்களைக் கேட்டால் முதலில் கதவைத்தான் சொல்வார்கள். நாள் முழுக்கத் திறந்து மூடுவது கதவு. துடைப்பத்தின் தூசியும் பால் பாக்கெட்டின் கிழிசலும் போய் விழுவது கதவு ஓடும் பள்ளத்தில். சாமான் ஏற்றும்போது காலால் முட்டுக்கொடுத்து நிறுத்துவதும் கதவைத்தான்.

ஒவ்வொரு மாடியின் கதவிலும் ஒரு டோர் லாக் இருக்கிறது. கதவு முழுதாக மூடிப் பூட்டு விழுந்தால்தான் அதற்குள் இருக்கும் சின்ன உலோக கான்டாக்ட் சேரும். எல்லா மாடிகளின் கான்டாக்ட்டுகளும் ஒரே வரிசையாக இணைக்கப்பட்டிருக்கின்றன. திருவிழா சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் மொத்தச் சரமும் அணைந்துபோவதைப்போல, ஒரு மாடிக் கான்டாக்ட் சேராவிட்டால் லிஃப்ட் நகரவே நகராது. அது பழுதல்ல, பாதுகாப்பு. பூட்டு விழாத கதவோடு ஓடக்கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள்.

நாளாக நாளாக அந்தக் கான்டாக்ட்டில் கரி படியும். மெக்கானிக் வருவார், கதவின் மேல் மூடியைக் கழற்றுவார், உப்புத்தாளைச் சின்னதாகக் கிழித்து இரண்டு தேய்ப்புத் தேய்ப்பார், லிஃப்ட் ஓடும். ரிப்போர்ட்டில் "கான்டாக்ட் சுத்தம் செய்யப்பட்டது" என்று எழுதுவார். கதவு தொங்கிப்போயோ கோணியோ இருந்தால் பத்துப் பன்னிரண்டு நாளில் அதே இடத்தில் மறுபடியும் அதே பழுது.

டீச்சரின் பட்டியல் இதைத்தான் காட்டுகிறது. ஒன்பதில் ஏழு முறை லிஃப்ட்டை நிறுத்தியது மூன்றாம் மாடிக் கதவு. நான்கு ரிப்போர்ட்டுகளில் "கான்டாக்ட் சுத்தம்" என்ற அதே வாசகம். ஜூலை 27 அன்று டோர் லாக்கையே மாற்றினார்கள். அதற்குப் பிறகும் ஆகஸ்ட் 14, 23 ஆகிய இரண்டு நாட்களில் அதே மாடியில் நின்றது. ஆக, கோளாறு பூட்டில் மட்டும் இல்லை. கதவு தொங்கும் உருளைகள், கதவு ஓடும் பள்ளம், பூட்டும் கொக்கியும் சந்திக்கும் அளவு என்று மொத்தக் கதவையும் பார்க்க வேண்டும். "எப்போது பார்த்தாலும் ரிப்பேர்" என்று எழுதியபோது தெரியாத ஒன்று, தேதிகளை வரிசையாக எழுதியதும் தெரிந்துவிட்டது.

மற்ற இரண்டும் வேறு ஜாதி. ஜூன் 21, ஆகஸ்ட் 5. இரண்டு முறையும் கரன்ட் போன கையோடு லிஃப்ட் மாடிகளுக்கு நடுவில் நின்றது, இரண்டு முறையும் உள்ளே ஆள். முதல் முறை 25 நிமிடம், இரண்டாம் முறை 40 நிமிடம். இந்த லிஃப்ட்டில் ஏ.ஆர்.டி. என்ற கருவி இருக்கிறது. கரன்ட் போனால் பேட்டரியில் கேபினை மெதுவாகப் பக்கத்து மாடிக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறந்துவிடுவது அதன் வேலை. அது வேலை செய்யவில்லை. பேட்டரி செத்துப்போயிருக்கலாம், பார்த்தால்தான் தெரியும். கதவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆகவே கடிதத்தில் இது தனிப் பத்தி. இரண்டையும் சேர்த்து "லிஃப்ட் ரிப்பேர்" என்று எழுதினால், மெக்கானிக் ஒன்றைச் சரிசெய்துவிட்டு இரண்டுக்கும் கையெழுத்து வாங்கிப் போய்விடுவார்.

கயிறு அறுந்து விழும் என்ற பயமுறுத்தலைச் செயலாளர் அடிக்கச் சொல்கிறான். டீச்சருக்கு மனசில்லை. ஆனால் லிஃப்ட் ஒற்றைக் கயிற்றில் தொங்குவதில்லை, பல கயிறுகளில் தொங்குகிறது. வேகம் மீறினால் தண்டவாளத்தைப் பிடித்துக்கொள்ளும் பாதுகாப்பு அமைப்பும் தனியாக இருக்கிறது. விஷயம் தெரிந்தவர் படித்தால் சிரித்துவிட்டு மீதிக் கடிதத்தையும் அதே மாதிரி எடுத்துக்கொள்வார். நிஜமான ஆபத்து வேறு இரண்டு. நடுவில் நின்ற கேபினிலிருந்து பொறுமை இழந்தவர் கதவைப் பிளந்து இறங்கப் பார்த்து, கேபினுக்கும் தரைக்கும் இடையிலுள்ள சந்தில் தவறி விழுவது ஒன்று. கேபின் இல்லாதபோது மாடிக் கதவு திறந்துகொள்வது இன்னொன்று.

இரண்டாவதற்கு ஒரு கூடுதல் காரணம் உண்டு. உதிரிபாகம் வரும்வரை சமாளிக்க, கான்டாக்ட்டின் இரு முனைகளையும் ஒரு வயர் துண்டால் இணைத்து லிஃப்ட்டை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். லிஃப்ட் ஜோராக ஓடும். கதவு திறந்திருந்தாலும் ஓடும். குடியிருப்பவர்களுக்கு "அப்பாடா, சரியாயிடுச்சு" என்று இருக்கும். இந்தக் கட்டடத்தில் அப்படிச் செய்தார்கள் என்று சொல்ல டீச்சரிடம் ஆதாரமில்லை. ஆகவே குற்றச்சாட்டாக எழுதக் கூடாது. அப்படி எந்த இணைப்பும் இல்லை என்று எழுத்தில் உறுதி கேட்கலாம். கையெழுத்துப் போட வேண்டும் என்றதும் கம்பெனி ஒரு பொறியாளரை அனுப்பிப் பார்க்கும்.

காத்திருந்தது எதற்காக?

ஒன்பது முறையும் லிஃப்ட் ஓடாமல் இருந்த நேரத்தைக் கூட்டினால் 270 மணி வருகிறது. செயலாளர் ஆடிட்டர் புத்தியோடு அதைப் பிரித்துப் பார்க்கிறான். எட்டு சம்பவங்களுக்கும் சேர்த்து 54 மணி நேரம்தான். மீதி 216 மணியும் ஒரே சம்பவம்: ஜூலை 18 காலை 10 மணி முதல் ஜூலை 27 காலை 10 மணி வரை, முழு ஒன்பது நாட்கள்.

அந்த ஒன்பது நாட்களில் என்ன நடந்தது? மெக்கானிக் ஜூலை 18 மதியம் 1 மணிக்கே வந்துவிட்டார். "மூன்றாம் மாடி டோர் லாக் மாற்ற வேண்டும், கொட்டேஷன் அனுப்பப்படும், ஒப்புதலுக்குப் பின் வேலை" என்று ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறார். மாலை 6 மணிக்குக் கொட்டேஷன் போய்விட்டதாக மேனேஜரே குழுவில் சொல்லியிருக்கிறார். ஜூலை 26 மாலை 6 மணிக்கு, "சார் ஓகே சொல்லிட்டாங்க, நாளைக்குக் காலையில ஆள் வருவாங்க" என்று அவருடைய அடுத்த செய்தி. இடையில் எட்டு நாள், அதாவது 192 மணி நேரம். லிஃப்ட் அந்த நேரம் முழுக்க ஒரு ஒப்புதலுக்காகக் காத்திருந்தது.

இது ஏன் நடக்கிறது என்பதற்கு ஏ.எம்.சி. ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். ஆண்டுப் பராமரிப்பில் இரண்டு வகை. ஒன்றில் உதிரிபாகமும் அடக்கம், கட்டணம் அதிகம். மற்றொன்றில் மெக்கானிக் வந்து பார்ப்பது மட்டும்தான். எந்தப் பாகம் மாற்றினாலும் தனிக் கொட்டேஷன், தனிப் பணம். பாகம் அடங்கிய ஒப்பந்தத்தில் கூடச் சில பாகங்களை வெளியே நிறுத்தியிருப்பார்கள். இரண்டாம் வகை எடுத்தவர்களின் கட்டடங்களில் லிஃப்ட் நீண்ட நாள் நிற்பது பெரும்பாலும் இந்தக் கொட்டேஷன் கட்டத்தில்தான். கம்பெனிமேல் கோபப்பட்டுப் பிரயோஜனமில்லை. அவர்கள் பந்தை உரிமையாளர் பக்கம் தள்ளிவிட்டு அடுத்த கட்டடத்துக்குப் போய்விட்டார்கள்.

சட்டம் உள்ளே வருவதும் இந்த இடத்தில்தான். தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவருக்குமான இப்போதைய சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தில் வந்தது. அத்தியாவசிய வசதிகளை உரிமையாளர் துண்டிக்கவோ நிறுத்தி வைக்கவோ கூடாது என்று அது சொல்கிறது. தண்ணீர், மின்சாரத்தோடு லிஃப்ட்டும் அந்த வசதிகளின் பட்டியலில் இருக்கிறது. ஆனால் உரிமையாளரின் வக்கீல் சும்மா இருப்பாரா? "என் கட்சிக்காரர் எதையும் நிறுத்தி வைக்கவில்லை, இயந்திரம் பழுதானது" என்பார். பாதி நியாயமும் அதில் இருக்கிறது. 54 மணி நேரத்துக்கு அந்தப் பதில் செல்லும். 192 மணி நேரத்துக்குச் செல்லாது. பழுது இன்னது என்று தெரியும், செலவு இவ்வளவு என்று தெரியும், ஒரு வார்த்தை சொன்னால் மறுநாள் ஓடும் என்பதும் தெரியும். எட்டு நாள் அந்த வார்த்தை வரவில்லை. பழுதாவது எங்கே முடிந்து நிறுத்தி வைப்பது எங்கே தொடங்குகிறது என்று தேதியோடு காட்ட வேண்டும். இந்தக் கடிதத்தின் மொத்த பலமும் அதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

அதே சட்டத்தின் மறுபக்கம், டீச்சரின் கடைசி வரியை அடித்தே தீர வேண்டும் என்கிறது. இரண்டு மாத வாடகை பாக்கி வைப்பது வாடகைதாரரை வெளியேற்றக் கேட்பதற்கான காரணங்களில் ஒன்று. "வாடகை தர மாட்டோம்" என்று சங்கத் தலைவரே லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுத்தால், லிஃப்ட் வழக்கு வாடகை பாக்கி வழக்காக மாறிவிடும். வாடகை ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கிறது என்று எழுதுவதே பலம்.

இன்னொரு சங்கடமும் உண்டு. வாடகை ஒப்பந்தம் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி. உரிமையாளரோடு ஒப்பந்தம் போட்டது சங்கம் அல்ல. ஆகவே தலைவர் மட்டும் கையெழுத்திட்ட கடிதத்தைவிட, வீட்டு எண் போட்டு எல்லாரும் கையெழுத்திட்ட கடிதத்துக்கு மதிப்பு அதிகம். நம் கட்டடத்தில் பதினேழு வீட்டார் கையெழுத்துப் போடுகிறார்கள். ஒரு வீட்டில் ஆள் ஊரில் இல்லை. இரண்டு வீட்டார் "நமக்கெதுக்கு வம்பு" என்கிறார்கள். விட்டுவிட வேண்டியதுதான். கடிதம் இருபது வீட்டுக்காகப் பேசாமல் பதினேழுக்காகப் பேசினால் போதும்.

திருத்தி எழுதிய கடிதம்

அனுப்புநர்: தலைவர், குடியிருப்போர் சங்கம் (கையொப்பமிட்ட 17 வீட்டாருக்காகவும்)
பெறுநர்: கட்டட உரிமையாளர்
நகல்: மேனேஜர்
நாள்: 2.9.2025

பொருள்: 1.6.2025 முதல் 31.8.2025 வரை லிஃப்ட் ஒன்பது முறை நின்றது, சரிசெய்யக் கோருதல்.

ஐயா,

வணக்கம். மேற்கண்ட 92 நாட்களில் நம் கட்டடத்தின் லிஃப்ட் ஒன்பது முறை நின்றது. மொத்தம் 270 மணி நேரம் ஓடவில்லை. ஒவ்வொரு முறையும் நின்ற நேரம், மேனேஜருக்குத் தெரிவித்த நேரம், மெக்கானிக் வந்த நேரம், திரும்ப ஓடிய நேரம் ஆகியவை இணைப்பு 1-இல் உள்ளன. எங்களிடமுள்ள சர்வீஸ் ரிப்போர்ட்டுகளின் நகல்கள் இணைப்பு 2.

ஒன்பதில் ஏழு முறை லிஃப்ட் நின்றது மூன்றாம் மாடிக் கதவுக் கோளாறால். 27.7.2025 அன்று டோர் லாக் மாற்றப்பட்ட பிறகும் 14.8.2025, 23.8.2025 ஆகிய நாட்களில் அதே மாடியில் நின்றது.

21.6.2025, 5.8.2025 ஆகிய இரு நாட்களிலும் மின்தடையின்போது லிஃப்ட் மாடிகளுக்கு இடையே நின்று, உள்ளே இருந்தவர்கள் முறையே 25, 40 நிமிடங்கள் சிக்கிக்கொண்டனர். ஏ.ஆர்.டி. இயங்கவில்லை.

18.7.2025 காலை 10 மணிக்கு நின்ற லிஃப்ட் 27.7.2025 காலை 10 மணிக்கே மீண்டும் ஓடியது. 18.7.2025 மாலை 6 மணிக்குக் கொட்டேஷன் தங்களுக்கு அனுப்பப்பட்டதாகவும், 26.7.2025 மாலை 6 மணிக்குத் தங்கள் ஒப்புதல் கிடைத்ததாகவும் மேனேஜர் எங்களுக்குத் தெரிவித்தார் (இணைப்பு 3). இடையிலான 192 மணி நேரத்துக்கான காரணம் எங்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை. இந்த நாட்களில், 21.7.2025 அன்று, ஐந்தாம் மாடியில் வசிக்கும் மூத்த குடிமகள் ஒருவரை ஆம்புலன்ஸ் ஊழியர்கள் நாற்காலியில் வைத்துப் படி வழியாக இறக்கினர்.

கையொப்பமிட்ட 17 வீட்டாரும் வாடகையையும், மாதம் 1,500 ரூபாய் பராமரிப்புக் கட்டணத்தையும் பாக்கியின்றிச் செலுத்தியுள்ளோம். இந்த மூன்று மாதங்களில் பராமரிப்புக் கட்டணமாக மட்டும் செலுத்தியது 76,500 ரூபாய். லிஃப்ட் பராமரிப்பு இந்தக் கட்டணத்தில் அடங்கும் என்று எங்கள் வாடகை ஒப்பந்தங்கள் கூறுகின்றன.

தாங்கள் செய்ய வேண்டுவன:

10.9.2025-க்குள் ஏ.ஆர்.டி.யைச் சோதித்து, தேவையானால் பேட்டரியை மாற்றி, மின்சாரத்தை நிறுத்தி எங்கள் பிரதிநிதி முன்னிலையில் இயக்கிக் காட்ட வேண்டும். அதே தேதிக்குள் ஏ.எம்.சி. ஒப்பந்தம், லிஃப்ட் உரிமம், 27.7.2025 அன்று பொருத்திய டோர் லாக்கின் பில் ஆகியவற்றின் நகல்களைத் தர வேண்டும்.

17.9.2025-க்குள் லிஃப்ட் நிறுவனப் பொறியாளரைக் கொண்டு மூன்றாம் மாடிக் கதவு அமைப்பு முழுவதையும் ஆய்வு செய்து, அந்த அறிக்கையைத் தர வேண்டும். கேபின் இல்லாதபோது எந்த மாடிக் கதவும் திறக்காது என்பதும், எந்த டோர் லாக் கான்டாக்ட்டும் இணைப்புக் கம்பியால் தவிர்க்கப்படவில்லை என்பதும் அறிக்கையில் இருக்க வேண்டும்.

இனி வரும் பழுதுகளில் கொட்டேஷன் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் முடிவு தெரிவிக்க, தங்கள் சார்பில் அதிகாரம் பெற்ற ஒருவரின் பெயரை எழுத்தில் தர வேண்டும்.

17.9.2025-க்குள் இவை நடைபெறாவிட்டால், பாதுகாப்பு தொடர்பாக மின் ஆய்வுத் துறைக்கும், அத்தியாவசிய வசதி தொடர்பாக 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வாடகை அதிகார அமைப்புக்கும் மனு அளிப்போம். மெக்கானிக் வேலை செய்யும் நேரத்தில் லிஃப்ட்டை நிறுத்தி வைப்பதற்கும், கதவுப் பள்ளங்களைச் சுத்தமாக வைத்திருப்பதற்கும் நாங்கள் ஒத்துழைப்போம்.

இங்ஙனம்,
தலைவர்
(17 கையொப்பங்கள், வீட்டு எண்களுடன்: இணைப்பு 4)

எது போனது, எது வந்தது

முதல் கடிதத்தின் கோபம் எதுவும் இதில் இல்லாமல் போகவில்லை. "டூப்ளிகேட் பார்ட்" என்பது பில் நகல் கேட்பதாக வந்திருக்கிறது. அசல் பில் வந்தால் சந்தேகம் தீரும், வராவிட்டால் வராததே ஒரு தகவல். "பணத்தைப் பையில் போட்டுக்கொள்கிறீர்கள்" என்பது 76,500 ரூபாய் என்ற கணக்காக வந்திருக்கிறது. "செத்துப் பிழைக்கிறார்கள்" என்பதற்குப் பதில் ஒரு தேதி, ஒரு நாற்காலி. அந்த அம்மாவின் பெயரை எழுதவில்லை, நோய் என்ன என்றும் சொல்லவில்லை. அவர் குடும்பத்தைக் கேட்டுக்கொண்டுதான் அந்த வரியையே சேர்த்தார்கள்.

மின் ஆய்வுத் துறை ஏன் என்று சிலர் கேட்கலாம். தமிழ்நாட்டில் லிஃப்ட் ஓட்ட 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். அதைக் கொடுப்பதும், லிஃப்ட்டை ஆய்வு செய்வதும், பாதுகாப்பில்லை என்று கண்டால் நிறுத்தச் சொல்வதும் அந்தத் துறையின் வேலை. தலைமை அலுவலகம் கிண்டியில் இருக்கிறது. ஆனால் இந்த வரியை எழுதுமுன் சங்கம் ஒன்றை யோசிக்க வேண்டும். ஆய்வாளர் வந்து நிறுத்தச் சொன்னால், பழுது முழுதாகச் சரியாகும்வரை லிஃப்ட் ஓடாது. ஐந்தாம் மாடிக்காரர்களிடம் முன்கூட்டியே கேட்டுச் சம்மதம் வாங்கிக்கொள்வது நல்லது. வாடகை அதிகார அமைப்புக்குப் போவதற்கு வேறொரு தயாரிப்பு வேண்டும்: ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, பதிவாகியும் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் குடிவந்தவர்களும், பதினொரு மாத ஒப்பந்தம் எப்போதோ முடிந்தவர்களும் முதல் படியிலேயே தடுக்கி நிற்க நேரிடும். பதினேழு பேரில் யாருடைய ஒப்பந்தம் ஒழுங்காக இருக்கிறதோ அவர் மனு போடட்டும்.

வீடுகள் தனித்தனி ஆட்களுக்குச் சொந்தமான அடுக்ககத்தில் இந்தக் கடிதம் அப்படியே பொருந்தாது. அங்கே லிஃப்ட்டைப் பராமரிப்பது உரிமையாளர்கள் சங்கம். வாடகைக்கு இருப்பவர் தன் உரிமையாளருக்கு எழுதி, அவர் மூலமாகத்தான் சங்கத்தைக் கேட்க வேண்டியிருக்கும்.

அனுப்பிய பிறகு

கடிதத்தை ஒப்புகையோடு தபாலில் அனுப்பி, அன்றே மின்னஞ்சலிலும் மேனேஜரின் வாட்ஸ்அப்பிலும் போட்டுவிட வேண்டும். குழுவில் போட்டு நாலு பேர் சேர்ந்து கேலி செய்வது கடிதத்தின் எடையைக் குறைக்கும். டீச்சர் அதற்கு மட்டும் தடை போட்டுவிட்டார்.

பெரும்பாலும் பதில் எழுத்தில் வராது. போன்தான் வரும். "என்ன டீச்சர், ஒரு வார்த்தை சொல்லியிருந்தா செஞ்சிருக்க மாட்டேனா, லெட்டர் எல்லாம் எதுக்கு?" என்று உரிமையாளர் நயமாகவே ஆரம்பிப்பார். பேட்டரி இந்த வாரம் மாற்றிவிடலாம், கதவுக்குத் தீபாவளி கழியட்டும் என்பார். போனில் சண்டை வேண்டாம். வைத்தவுடன், பேசியதை அவருக்கே அனுப்பிவிட்டால் போதும்: "ஐயா, இன்று மாலை 5.20-க்குப் பேசியதற்கு நன்றி. ஏ.ஆர்.டி. பேட்டரியை 10-ஆம் தேதிக்குள் மாற்றுவதாகச் சொன்னீர்கள். மூன்றாம் மாடிக் கதவு ஆய்வைத் தீபாவளிக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றீர்கள், 23.8.2025 வரை அதே மாடியில் ஏழு முறை நின்றிருப்பதால் எங்களால் அதை ஏற்க முடியவில்லை, 17-ஆம் தேதியே இருக்கட்டும். நான் எழுதியதில் ஏதாவது தவறிருந்தால் தெரிவிக்கவும்." அவர் மறுக்காவிட்டால் அந்தச் செய்தி இணைப்பு 5.

அடுத்த முறை லிஃப்ட் நிற்கும்போது புதிதாகக் கடிதம் எழுதத் தேவையில்லை. வாட்ச்மேன் மேசையில் இப்போது ஒரு நோட்டு இருக்கிறது, கோடு போட்டு எட்டுக் கட்டங்கள். பத்தாவது வரியை எழுதி, படம் எடுத்து, "2.9.2025 கடிதத்தின் தொடர்ச்சி" என்று மேலே ஒரு வரி சேர்த்து அனுப்பினால் ஆயிற்று.